75% பணம் போயிடுச்சு, 50% வீடுதான் நிக்குது: ஒரு ரிஷிவந்தியம் வீட்டுக் கணக்கு

"மாப்ள, பேங்க்ல இருந்து வந்த இன்ஜினியர் பாதி வேலைதான் முடிஞ்சிருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. நாம முக்கால்வாசிப் பணம் குடுத்துட்டோமே, எப்படி?"

மாமா போன்ல இப்படிக் கேட்டப்போ நான் ஆபீஸ்ல ஒரு ஆடிட் ஃபைலுக்குள்ள தலையை விட்டுட்டு இருந்தேன். அந்த வார இறுதியிலேயே கிளம்பி ரிஷிவந்தியம் போனேன். என் மச்சான் ஒரகடத்துல ஒரு கம்பெனியில வேலை பாக்கறான். தாத்தா விட்டுட்டுப் போன மனையில 1,000 சதுர அடியில ஒரு வீடு கட்ட ஆரம்பிச்சான். இவன் அங்க, வீடு இங்க. அதனால தினமும் சைட்டைப் பாத்துக்கறது மாமாதான். அவர்கிட்ட 200 பக்க நோட்டு ஒண்ணு இருந்துச்சு. தேதி, யாருக்கு, எவ்வளவு எல்லாமே எழுதியிருந்தார். ஒரு ரூபாய்கூட விடல. மச்சானும் தன் பங்குக்கு கூகுள் ஷீட்ல எல்லாத்தையும் ஏத்தி, கீழ ஒரு டோட்டல் போட்டு வச்சிருந்தான்.

ரெண்டு கணக்கும் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா ரெண்டுமே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லல. சம்பளத்துல இருந்து வீடு கட்டற நிறைய பேர் இதே மாதிரிதான் கணக்கு வச்சிருப்பீங்க. அதனால மச்சான்கிட்ட அனுமதி வாங்கி, அவன் வீட்டுக் கணக்கை அப்படியே இங்க பிரிச்சுப் போடறேன். பேரெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டான்.

ஒப்பந்தம் என்ன சொல்லுச்சு?

மேஸ்திரி சதுர அடிக்கு 2,100 ரூபாய்னு பேசியிருந்தார். பொருள், ஆள் கூலி எல்லாம் அவரோடது. 1,000 சதுர அடிக்கு மொத்தம் 21 லட்சம். போர்வெல், சம்ப், காம்பவுண்ட் சுவர், பிளான் அப்ரூவல் கட்டணம், கரண்ட் கனெக்‌ஷன் இதெல்லாம் வெளியே. 20 ரூபாய் பத்திரத்துல ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாங்க. அதுல பணம் குடுக்க வேண்டிய ஸ்டேஜ் இப்படி இருந்துச்சு: அட்வான்ஸ் 10%, பேஸ்மென்ட் முடிஞ்சதும் 20%, லிண்டல் மட்டம் வந்ததும் 20%, ரூஃப் கான்கிரீட் போட்டதும் 25%, பூச்சு முடிஞ்சதும் 15%, டைல்ஸ் பெயிண்ட் முடிஞ்சதும் 7%, சாவி குடுக்கும்போது 3%.

பாக்க நியாயமாத்தான் தெரியும். ஒவ்வொரு வேலையும் முடிஞ்ச பிறகுதானே குடுக்கறோம்னு தோணும். இங்கதான் விஷயம் இருக்கு. ரூஃப் கான்கிரீட் போட்ட அன்னிக்கு இந்தக் கணக்குப்படி 75% பணம், அதாவது 15,75,000 ரூபாய் மேஸ்திரி கைக்குப் போயிருக்கும். ரூஃப் போட்ட வீட்டைப் பாத்தா நமக்கும் முக்கால்வாசி வீடு முடிஞ்ச மாதிரிதான் இருக்கும். சுவர் நிக்குது, கூரை இருக்கு, இன்னும் என்ன? ஆனா கதவு, ஜன்னல், வயரிங், பிளம்பிங், பூச்சு, டைல்ஸ், பெயிண்ட் எல்லாம் சேர்ந்தா செலவுல கிட்டத்தட்ட பாதி. வீட்டோட உருவம் சீக்கிரம் வந்துடும், செலவு பின்னாடிதான் வரும்.

எஸ்டிமேட்டை உடைச்சு எழுதினோம்

மேஸ்திரி குடுத்தது ஒரே ஒரு எண்தான், சதுர அடி ரேட். அதை வச்சு டிராக் பண்ண முடியாது. ஆனா ஹோம் லோனுக்காக ஒரு இன்ஜினியர் போட்டுக் குடுத்த எஸ்டிமேட் பேங்க் ஃபைல்ல இருந்துச்சு. லோனுக்குப் போடற எஸ்டிமேட் மொத்தத் தொகை பெரும்பாலும் கொஞ்சம் தாராளமா இருக்கும், அதை அப்படியே நம்பாதீங்க. ஆனா எந்த வேலைக்கு எத்தனை பங்குங்கற விகிதம் உபயோகமானது. அந்த விகிதத்தை எடுத்து 21 லட்சத்தைப் பிரிச்சு ரவுண்ட் பண்ணோம். பக்கத்துல, நான் போன அன்னிக்கு வேலை எவ்வளவு முடிஞ்சிருந்துச்சுன்னு ஒரு காலம்.

| வேலை | எஸ்டிமேட் (ரூ.) | முடிந்தது |
|---|---|---|
| அஸ்திவாரம், பேஸ்மென்ட் | 3,60,000 | 100% |
| லிண்டல் வரை சுவர் | 2,70,000 | 100% |
| மேல்சுவர், ரூஃப் கான்கிரீட் | 4,20,000 | 100% |
| பூச்சு | 2,40,000 | 0% |
| கதவு, ஜன்னல், கிரில் | 2,10,000 | 0% |
| எலக்ட்ரிக்கல், பிளம்பிங், செப்டிக் டேங்க் | 2,40,000 | 0% |
| டைல்ஸ் | 1,80,000 | 0% |
| பெயிண்ட் | 1,20,000 | 0% |
| கிச்சன் மேடை, பாத்ரூம் ஃபிட்டிங் | 60,000 | 0% |

மேல இருக்கற மூணு வரியைக் கூட்டுங்க. 10,50,000. சரியா பாதி. பேங்க் இன்ஜினியர் எழுதினது தப்பே இல்லை.

இந்த "முடிந்தது" காலத்துல நான் மூணே மூணு எண்தான் போட விடுவேன்: 0, 50, 100. 35%, 80% எல்லாம் போட ஆரம்பிச்சா மேஸ்திரி சொல்றதைத்தான் நாம டைப் பண்ணுவோம். வேலை ஆரம்பிக்கலன்னா 0. முடிஞ்சு, கையால தொட்டுப் பாக்க முடிஞ்சா 100. நடுவுல எது இருந்தாலும் 50. பூச்சுல உள்பூச்சு முடிஞ்சு வெளிப்பூச்சு பாக்கின்னா 50. ஸ்விட்ச் பாக்ஸுக்கு சுவரைக் குடைஞ்சு பைப் பதிச்சுட்டாங்க, வயர் இழுக்கலன்னாலும் 50 போடலாம், கொஞ்சம் தாராளம்தான். ரூபாய்க்கு ரூபாய் சரியா வராது. ஆனா லட்சக்கணக்குல ஓட்டை விழுந்தா உடனே தெரியும், நமக்கு அது போதும்.

நோட்டுல ஒளிஞ்சிருந்த 1,38,600 ரூபாய்

அடுத்து மாமாவோட நோட்டை வரி வரியா படிச்சோம். ஒரு பக்கத்துல "கம்பி 93,000", அடுத்த பக்கத்துல "சிமெண்ட் 45,600"ன்னு இருந்துச்சு. இது என்ன மாமா, பொருள் எல்லாம் மேஸ்திரியோடதுதானேன்னு கேட்டேன்.

"ரூஃப் போடறதுக்கு முன்னாடி வந்தான்பா. கம்பி விலை ஏறிக்கிட்டே போகுது, கடையில எனக்குப் பழைய பாக்கி இருக்கு, நீங்க வாங்கிக் குடுத்துடுங்க, பில்லுல கழிச்சுக்கலாம்னான். கரும்பு வெட்டின பணம் கையில இருந்துச்சு. கள்ளக்குறிச்சி போய் வாங்கிட்டு வந்தேன்."

ஒன்றரை டன் கம்பி, கிலோ 62 ரூபாய். 120 மூட்டை சிமெண்ட், மூட்டை 380. வாங்கினது உண்மை, பில் இருக்கு. ஆனா ரூஃப் ஸ்டேஜ் பணம் 5,25,000 குடுக்கும்போது இதை யாரும் கழிக்கல. மேஸ்திரி ஞாபகப்படுத்தல. மாமாவுக்குக் கேட்கக் கூச்சம். மச்சானுக்கு விஷயமே தெரியாது, ஏன்னா மாமா அதைத் தன் கைச்செலவுன்னு நினைச்சு அவன்கிட்ட சொல்லல. ஷீட்லயும் ஏறல.

இதுதான் ஒப்பந்த வீடுகள்ல அடிக்கடி நான் பாக்கற ஓட்டை. நாம வாங்கற பொருள் ரெண்டு வகை. ஒண்ணு, ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கறது. காம்பவுண்ட் சுவருக்கு வாங்கற செங்கல் மாதிரி. அது நம்ம செலவு. இன்னொண்ணு, ஒப்பந்தத்துக்குள்ள இருக்கறதை மேஸ்திரிக்காக நாம வாங்கிக் குடுக்கறது. அது பொருள் வாங்கின செலவு கிடையாது, மேஸ்திரிக்குக் குடுத்த பணம். கடைக்காரர் கைக்குப் போயிருந்தாலும் கணக்குல அது மேஸ்திரி பேர்லதான் ஏறணும். ரெண்டையும் "மெட்டீரியல்"னு ஒரே தலைப்புல போட்டீங்கன்னா, ஒரே கம்பிக்கு ரெண்டு தடவை பணம் குடுப்பீங்க.

அப்போ மேஸ்திரிக்கு உண்மையில போனது 15,75,000 + 1,38,600 = 17,13,600. நின்ன வேலை 10,50,000. நடுவுல 6,63,600 ரூபாய், வேலையா மாறாம மேஸ்திரிகிட்ட இருக்கு.

மேஸ்திரி வந்து "சிமெண்ட்டை நீங்க காம்பவுண்டுக்குத்தானே வாங்கினீங்க"ன்னு சொன்னா என்ன பண்றதுன்னு மச்சான் கேட்டான். நல்ல கேள்வி. அதுக்கு அளவுதான் சாட்சி. 1,000 சதுர அடி ரூஃப், 5 இன்ச் கனம்னா சுமார் 417 கன அடி கான்கிரீட், அதாவது 11.8 கன மீட்டர். 1:1.5:3 கலவைக்கு ஒரு கன மீட்டருக்கு சுமார் 8 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். ஸ்லாபுக்கு மட்டும் 95 மூட்டை. பீம், சேதாரம் எல்லாம் சேர்த்தா 120 வரைக்கும் போறது நியாயம். தவிர, பில் தேதி கான்கிரீட் போட்ட நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி. காம்பவுண்டுக்கு அப்போ கோடுகூடப் போடல.

இது ஏன் பயப்பட வேண்டிய கணக்கு?

மச்சானோட பணம் எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தா புரியும். சொந்தப் பணம் 6 லட்சம், லோன் 15 லட்சம். பேங்க் ஸ்டேஜைப் பாத்துத்தான் விடும். பாதி வேலைன்னு எழுதினதால லோன்ல பாதி, 7,50,000 வந்துச்சு. ஆக 13,50,000 தான் முறையா கையில வந்த பணம். குடுத்ததோ 17,13,600. மிச்சம் 3,63,600-ஐ எப்படிச் சமாளிச்சாங்க? மாமாவோட கரும்புப் பணம் 1,38,600. அத்தையோட நகையை வச்சு 2 லட்சம். பாக்கி 25,000 மச்சானோட போனஸ்.

இப்போ மேஸ்திரி பக்கம் இருந்து பாருங்க. கம்பி, சிமெண்ட்டைக் கழிச்சா அவருக்கு இனிமே வர வேண்டியது 3,86,400. அவர் செய்ய வேண்டிய வேலையோ 10,50,000-க்கு. இந்த வீட்டுக்கு வந்து வேலை செய்யற ஒவ்வொரு நாளும் அவருக்குக் கைநஷ்டம். சங்கராபுரம் பக்கத்துல புதுசா ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கினா அங்க கையில காசு. அவர் எங்க போவார்? அங்கதான் போனார். ரூஃப் போட்டு சென்ட்ரிங் பிரிச்ச பிறகு ரெண்டு மாசம் சைட்டுக்கு ஆளே வரல. "மழை, ஆள் கிடைக்கல, ஊர்த் திருவிழா"ன்னு காரணம் வந்துக்கிட்டே இருந்துச்சு.

அந்த ரெண்டு மாசமும் சும்மா போகல. வாங்கின 7,50,000-க்கு 8.5% வட்டின்னா மாசம் சுமார் 5,300 ரூபாய். நகைக் கடன் 2 லட்சத்துக்கு 9%ன்னா 1,500. வேலையே நடக்காத வீட்டுக்கு மாசம் 6,800 ரூபாய்.

மேஸ்திரி மொத்தமா கையை விரிச்சிருந்தா நிலைமை இன்னும் மோசம். 10,50,000-க்கு வேலை பாக்கி, பேங்க்ல இருக்கறது 7,50,000. அதுவும் அடுத்த ஸ்டேஜை முடிச்சுக் காட்டினாத்தான் வரும். முடிக்கப் பணம் வேணும், பணம் வர முடிக்கணும்.

ஷீட்டை எப்படி மாத்தினோம்

மச்சானோட பழைய ஷீட்ல கீழ ஒரு டோட்டல் இருந்துச்சு, "செலவு 15.75 லட்சம், பட்ஜெட் 21 லட்சம், மீதி 5.25 லட்சம்". பச்சைக் கலர் வேற அடிச்சு வச்சிருந்தான். செலவையும் பட்ஜெட்டையும் மட்டும் ஒப்பிட்டா, கடைசி ரூபாய் தீர்ற வரைக்கும் எல்லாம் பச்சையாத்தான் தெரியும். மூணாவதா ஒரு எண் வேணும்: இதுவரை நின்ன வேலையோட மதிப்பு.

ரெண்டு டேப் போதும். முதல் டேப் `Est`. A காலத்துல வேலை, B-ல எஸ்டிமேட், C-ல முடிந்த சதவீதம். மேல குடுத்த அட்டவணைதான் அது. ரெண்டாவது டேப் `Entry`. A-ல தேதி, B-ல எந்த வேலைக்கு, C-ல யாருக்கு, D-ல பில் போட்டோ லிங்க், E-ல தொகை, F-ல ஒரே ஒரு எழுத்து. ஒப்பந்தத்துக்குள்ள வர்ற பணம்னா `C`, வெளியேன்னா `X`. பணம் மேஸ்திரிக்குப் போச்சா, கடைக்குப் போச்சாங்கறது F காலத்துக்குத் தேவையே இல்லை. கம்பி, சிமெண்ட் ரெண்டுக்கும் `C`. காம்பவுண்ட் செங்கலுக்கு `X`.

பிறகு ஏதாவது ஒரு மூலையில இந்த மூணு வரி:

```
G1: =SUMIFS(Entry!E:E, Entry!F:F, "C")
G2: =SUMPRODUCT(Est!B2:B20, Est!C2:C20)
G3: =G1-G2
```

G1 குடுத்தது, G2 நின்னது, G3 மேஸ்திரிகிட்ட முன்கூட்டியே போயிருக்கற பணம். 20-வது வரி வரைக்கும் இடம் விட்டிருக்கறது, நடுவுல புதுசா வேலை சேர்ந்தா எழுதறதுக்கு. G3 எப்பவுமே பூஜ்யமா இருக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். மேஸ்திரியும் கையில காசு இல்லாம வேலை பாக்க முடியாது. ஆனா அது அட்வான்ஸ் அளவைத் தாண்டக்கூடாது. இந்த வீட்டுக்கு அந்த எல்லை 2,10,000.

இதை முதல் மாசத்துல இருந்தே போட்டிருந்தா என்ன தெரிஞ்சிருக்கும்னு பின்னோக்கிப் போட்டுப் பாத்தோம். பேஸ்மென்ட் முடிஞ்சப்போ குடுத்தது 6,30,000, நின்னது 3,60,000. G3 அப்பவே 2,70,000. எல்லை அங்கேயே தாண்டிடுச்சு. லிண்டல்ல 10,50,000-க்கு எதிரா 6,30,000, வித்தியாசம் 4,20,000. ரூஃப்ல 6,63,600. ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் ஏறிக்கிட்டே வந்திருக்கு. மேஸ்திரி ஒப்பந்தத்தை மீறி வாங்கல, மச்சான் தாமதமாவும் குடுக்கல. ஸ்டேஜ் சதவீதமே அப்படி அமைஞ்சிருந்துச்சு.

மேஸ்திரியோட உக்காந்து பேசினோம்

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில மேஸ்திரி வந்தார். சண்டைக்குப் போற மாதிரி போக வேண்டாம்னு மாமாகிட்ட முன்னாடியே சொல்லியிருந்தேன். ஷீட்டை பிரிண்ட் எடுத்து டீயோட முன்னாடி வச்சோம். அவர் நிதானமாப் படிச்சார்.

"கம்பி, சிமெண்ட் சரிதாங்க. கழிச்சுக்கோங்க. ஆனா அஸ்திவாரத்துல ஒரு அடி கூடத் தோண்டினேனே, மண்ணு பொலபொலன்னு இருக்குன்னு ஐயாவே நின்னு பாத்தாரே. அது இதுல இல்லையே?"

மாமா ஆமாம்னார். அது எங்க ஷீட்ல இல்லை, நோட்டுல இல்லை, பத்திரத்துலயும் இல்லை. வாய்ப்பேச்சு. பேசி 45,000-னு முடிச்சோம். `Est` டேப்ல பத்தாவது வரியா ஏறுச்சு, 100% முடிஞ்சதுன்னு. G2 10,95,000 ஆச்சு, வித்தியாசம் 6,18,600-க்குக் குறைஞ்சுது. நியாயமான கணக்குன்னா நமக்கு எதிராவும் ஒரு வரி மாறணும்ல.

கூடுதல் வேலைக்கு அன்னிலேருந்து ஒரே விதி வச்சோம். என்ன வேலை, எவ்வளவு, ரெண்டையும் வாட்ஸ்அப்ல ஒரு வரி அனுப்பி, மச்சான் ஓகே சொன்ன பிறகுதான் கடப்பாரை எடுக்கணும்.

மீதி அந்த ஆறு லட்சம் எங்கன்னு நான் கேட்கல, அவரே சொன்னார். இதுக்கு முன்னாடி கட்டின வீட்டுக்காரர் கடைசி ஸ்டேஜ் பணம் தரல. அந்தப் பாக்கியை கடைக்கு அடைக்க இந்த வீட்டு அட்வான்ஸ் போச்சு. இந்த வீட்டை நடத்த அடுத்த வீட்டு அட்வான்ஸ். சின்ன மேஸ்திரிகள் நிறைய பேர் இப்படித்தான் ஓட்டறாங்க. அவரை ஏமாத்துக்காரர்னு நான் நினைக்கல. ஆனா அந்தச் சங்கிலியில ஒரு கண்ணி அறுந்தா, அன்னிக்கு யார் வீடு பாதியில நிக்குதோ அவங்கதான் மாட்டுவாங்க.

21 லட்சத்தோட 45,000 சேர்த்தா 21,45,000. குடுத்தது 17,13,600. பாக்கி 4,31,400. இதை ஒப்பந்தத்துல இருந்த மாதிரி மூணு பெரிய துண்டா குடுக்காம ஏழு சின்னத் துண்டா ஆக்கினோம். உள்பூச்சு, வெளிப்பூச்சு, கதவு ஜன்னல், வயரிங் பிளம்பிங், டைல்ஸ், பெயிண்ட், கடைசியா சாவி. ஒவ்வொண்ணும் 100% ஆனா அன்னிக்கே பணம், ஒரு நாள்கூட இழுக்க மாட்டோம்னு மச்சான் வாக்குக் குடுத்தான். டைல்ஸைக் கடையில மச்சானே தேர்ந்தெடுத்து நேரா பணம் கட்டறது, அதை `C`-ல ஏத்தி அந்தத் துண்டுல கழிக்கறதுன்னும் முடிவாச்சு. "டைல்ஸுக்கு ஏற்கெனவே புக் பண்ணிட்டேன்"னு முன்னாடி மேஸ்திரி சொல்லியிருந்தார். பில் கேட்டப்போ இல்லை. பில் இல்லாத புக்கிங்குக்கு ஷீட்ல இடம் கிடையாது.

புதுசா ஒப்பந்தம் போடறவங்க ஸ்டேஜை எப்படிப் பிரிக்கலாம்?

இதே வீட்டை இன்னிக்கு ஆரம்பிச்சா நான் இப்படிப் போடச் சொல்வேன். அட்வான்ஸ் 10, பேஸ்மென்ட் 12, லிண்டல் 12, ரூஃப் 16. இதோட 50% பணம், 50% வீடு. அப்புறம் பூச்சு 10, கதவு ஜன்னல் வயரிங் பிளம்பிங் எல்லாம் சேர்த்து 18, டைல்ஸ் 10, பெயிண்ட் 7. கடைசி 5% சாவி வாங்கி ஒரு மழைக்காலம் பாத்த பிறகு. ஒழுகற கூரை வெயில் காலத்துல தெரியாது.

மேஸ்திரி இதுக்கு உடனே ஒத்துக்க மாட்டார், அதுல நியாயமும் இருக்கு. ரூஃபுக்கு ஒரே வாரத்துல கம்பி, சிமெண்ட், ஜல்லி, எம் சாண்ட், சென்ட்ரிங் வாடகைன்னு பெரிய தொகை இறக்கணும். அதனால ரூஃப் ஸ்டேஜை ரெண்டாப் பிரிங்க: கம்பி சைட்டுக்கு வந்து இறங்கினதும் பாதி, கான்கிரீட் போட்டதும் பாதி. பொருள் உங்க மனையில கிடக்கும்போது குடுக்கற பணமும், வெறும் கையில குடுக்கற பணமும் ஒண்ணு இல்லை.

நீங்களே பொருள் வாங்கறீங்கன்னா

லேபர் கான்ட்ராக்ட்ல, அதாவது கூலி மட்டும் மேஸ்திரிக்குப் பேசிப் பொருளை நீங்களே வாங்கறதா இருந்தா, ஓட்டை வேற இடத்துல விழும். அங்க ரூபாயை மட்டும் எழுதினா போதாது, அளவையும் எழுதணும்.

மாமா காம்பவுண்டுக்கு ஒரு லோடு எம் சாண்ட் இறக்கினார். பில்லுல 4 யூனிட், யூனிட் 5,000, மொத்தம் 20,000. ஒரு யூனிட்னா 100 கன அடி. டிரைவர் டீ குடிக்கப் போன நேரத்துல டேப் வச்சு மணல் நின்ன அளவை அளந்தோம். நீளம் 12 அடி, அகலம் 7, உயரம் 4. பெருக்கினா 336 கன அடி. 3.36 யூனிட். 3,200 ரூபாய் வித்தியாசம், ஒரே லோடுல. இறக்கறதுக்கு முன்னாடி அளக்கணும். கொட்டின பிறகு குவியலை வச்சு யாரும் வாதாட முடியாது. டிரைவர் ஓனருக்கு போன் போட்டார், 3.36-க்கே பணம் வாங்கிக்கிட்டாங்க. ரொம்ப ஆச்சரியப்பட்ட மாதிரியும் தெரியல.

கம்பிக்கு எடை மேடை சீட்டு வாங்குங்க, கூடவே எண்ணிக்கையும் எழுதுங்க. கம்பியோட விட்டத்தை மில்லிமீட்டர்ல எடுத்து அதே எண்ணால பெருக்கி 162-ஆல வகுத்தா ஒரு மீட்டர் எடை கிலோவுல வரும். 10 எம்எம்னா 100-ஐ 162-ஆல வகுக்க 0.617. 12 மீட்டர் கம்பி ஒண்ணு 7.4 கிலோ. 100 கம்பி 740 கிலோ வரணும். இந்திய தரநிலைப்படி 10 எம்எம் வரைக்கும் 7% முன்பின் இருக்கலாம், அதைத் தாண்டினா கேள்வி கேளுங்க.

ஆடிட்டரா ரெண்டு விஷயம்

ஸ்டேஜ் பணத்தை பேங்க் டிரான்ஸ்ஃபர்லயே குடுங்க. ஒரே ஒப்பந்தத்துக்கு ஒருத்தர்கிட்ட இருந்து 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கறதை வருமான வரிச் சட்டம் தடை பண்ணுது. பல தவணையா பிரிச்சு வாங்கினாலும் ஒரே விஷயத்துக்குன்னா சேர்த்துத்தான் பாப்பாங்க. அபராதம் வாங்கறவருக்கு. மேஸ்திரிகிட்ட இதைச் சொன்னா அவரே ஜிபே நம்பர் குடுத்துடுவார்.

இன்னொண்ணு, பழைய வரி முறையில இருக்கறவங்களுக்கு. குடியிருக்கற வீட்டு லோன் வட்டிக்கு வருஷம் 2 லட்சம் வரைக்கும் கழிவு கிடைக்கணும்னா, லோன் வாங்கின நிதியாண்டு முடிஞ்சதுல இருந்து 5 வருஷத்துக்குள்ள வீடு முடிஞ்சிருக்கணும். தாண்டினா 30,000 தான். கட்டற காலத்துல கட்டின வட்டியை, வீடு முடிஞ்ச வருஷத்துல இருந்து 5 சம தவணையா எடுக்கலாம், அதுவும் அதே 2 லட்சத்துக்குள்ள. புது வரி முறையில சொந்தக் குடியிருப்புக்கு இந்தக் கழிவு இல்லை. எந்த முறையா இருந்தாலும் பில்லை எல்லாம் போட்டோ எடுத்து வைங்க. நாளைக்கு வீட்டை வித்தா, கட்டின செலவைக் காட்ட அதுதான் ஆதாரம். அதுக்குத்தான் அந்த D காலம்.

இதை எழுதற இந்த வாரம் ரிஷிவந்தியம் வீட்டுல டைல்ஸ் முடிஞ்சிருக்கு. பூச்சு முடிஞ்சதும் பேங்க் விட்ட பணத்துல அத்தையோட நகை திரும்பி வந்துடுச்சு. பெயிண்ட்டுல முதல் கோட் அடிச்சிருக்காங்க, நான் 50% போட்டிருக்கேன். மேஸ்திரிக்கு இன்னும் 60,000 பாக்கி. நேத்து சாயங்காலம் மாமா போன் பண்ணார். மேஸ்திரி பெயிண்ட் வாங்க 15,000 முன்பணம் கேட்கறாராம். "ஷீட்டைப் பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன் மாப்ள"ன்னார்.

பாத்துச் சொன்னேன். கடைக்கு நேரா கட்டிட்டு `C`-ல போடுங்க மாமா.